அடுத்த தேதி எப்போது? மாதவிலக்குக் கணிப்பின் கணக்கும் அதன் எல்லையும்

பெரம்பலூர் மாவட்டம் பூலாம்பாடி போன்ற ஊரில் பெண்கள் தேதி பார்ப்பதற்குக் காரணங்கள் பல. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குப் போக நாள் குறிக்கும்போது, அன்றைக்கு வீட்டுக்கு விலக்காகிவிடுவோமோ என்று பார்ப்பார்கள். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை செய்யும் கணவர் விடுப்பில் வருகிறார் என்றால், குழந்தைக்குக் காத்திருக்கும் வீட்டில் வேறொரு கணக்கு ஓடும். நாள் தள்ளிப்போனால் கிராம சுகாதாரச் செவிலியர் முதலில் கேட்பதும் கடைசி மாதவிலக்கின் தேதியைத்தான். தினசரி காலண்டரில் பேனாவால் போட்ட வட்டம் இப்போது கைபேசிச் செயலிக்கு இடம் மாறிவருகிறது. கேள்வி மட்டும் மாறவில்லை: கடந்த தேதிகளை வைத்து அடுத்த தேதியைச் சொல்ல முடியுமா, முடிந்தால் எவ்வளவு துல்லியமாக?

இதற்கு நூறாண்டுகளாகப் பல விடைகள் தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் சிலருக்குப் பலித்தது, சிலருக்குப் பொய்த்தது. யாருக்குப் பலித்தது, யாருக்குப் பொய்த்தது என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரே கோடு குறுக்கே ஓடுவது தெரியும். மாதாமாதம் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வருகிறவர்கள் ஒரு பக்கம். முன்னே பின்னே வருகிறவர்கள் மறுபக்கம்.

இருபத்தெட்டு என்ற எண்

பழைய விடை நிலவை ஒட்டியது. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை 29 நாளும் பாதியும் ஆகிறது. மாதவிலக்கும் ஏறத்தாழ அப்படித்தான் என்பதால் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். பாடநூல்களில் அது 28 ஆகி நின்றது. ‘போன மாதத் தேதிக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக வரும்’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதும் இதே 28 நாள் கணக்குதான். மாதத்துக்கு 30, 31 நாள் இருக்க, சுழற்சி 28 நாளாக இருந்தால் தேதி அப்படித்தான் முந்தும்.

இந்த எண்ணை முதலில் ஆட்டியவர்கள் புள்ளியியலாளர்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் ட்ரெலோர் 1934-இல் மாணவிகளிடம் தேதி குறிக்கும் அட்டைகளைக் கொடுத்து ஒரு நெடிய ஆய்வைத் தொடங்கினார். சுமார் 2,700 பெண்களின் பதிவுகளை வைத்து 1967-இல் முடிவுகள் வெளியாயின. பூப்பெய்திய பிறகு சில ஆண்டுகளும், மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய சில ஆண்டுகளும் மிகவும் தாறுமாறாக இருக்கின்றன. நடுவில் உள்ள ஆண்டுகளிலும் ஒரே பெண்ணின் சுழற்சி மாதத்துக்கு மாதம் வேறுபடுகிறது என்று அவை காட்டின. 2019-இல் ஒரு செயலியின் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சுழற்சிகளை ஆராய்ந்தபோது சராசரி 29.3 நாள் என்று வந்தது. சரியாக 28 நாளில் முடிந்தவை எட்டில் ஒரு பங்குதான்.

நம் பக்கத்துக் கணக்கும் உண்டு. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் புள்ளியியல் துறையினர் தென்னிந்தியப் பெண்களிடம் நடத்தி 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வில் சராசரி 30 நாளைத் தாண்டியிருந்தது. ஆகவே 28 என்பதை முன்கூட்டியே நிரப்பிவைத்திருக்கும் செயலி, நம் ஊர்ப் பெண்களில் பலருக்கு முதல் மாதத்திலேயே இரண்டு மூன்று நாள் முந்திக்கொண்டு மணியடிக்கக்கூடும். அது சின்னப் பிழை. சில மாதப் பதிவு சேர்ந்தால் சரியாகிவிடும். சரியாகாத பிழை வேறு இடத்தில் இருக்கிறது.

பின்னோக்கி எண்ணியவர்கள்

ஜப்பானின் நீகாட்டா நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த கியூசாகு ஒகினோ, அறுவை சிகிச்சையின்போது கண்ட சினைப்பைகளின் நிலையை நோயாளிகளின் தேதிகளோடு ஒப்பிட்டு, 1924-இல் ஒரு முடிவை வெளியிட்டார். முட்டை வெளியேறும் நாளைக் கடந்த மாதவிலக்கிலிருந்து முன்னோக்கி எண்ணக்கூடாது. அடுத்த மாதவிலக்கிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். அந்த மாதவிலக்குக்கு 12 முதல் 16 நாள் முன்னதாக முட்டை வெளியேறுகிறது என்றார். ஆஸ்திரியாவின் ஹெர்மன் க்னாஸ் சில ஆண்டுகள் கழித்து, வேறு வழியில், ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்.

இன்றைய செயலிகளுக்கும் அடித்தளம் இதுதான். ஆனால் பின்னோக்கி எண்ணுவதற்கு அடுத்த தேதி முன்பே தெரிந்திருக்க வேண்டுமே! அந்த இடைவெளியை அடைக்க, கடந்த மாதங்களின் மிகக் குறுகிய சுழற்சியிலிருந்து 18-ஐயும் மிக நீண்டதிலிருந்து 11-ஐயும் கழிக்கும் சூத்திரம் வந்தது. கருத்தரிக்க வாய்ப்புள்ள நாள்களின் முதல் நாளும் கடைசி நாளும் அவை. 27-க்கும் 30-க்கும் இடையில் வருகிறவருக்கு இது 9-ஆம் நாள் முதல் 19-ஆம் நாள் வரை என்று விடை தரும். 25-க்கும் 41-க்கும் இடையில் அலைகிறவருக்கோ 7-ஆம் நாள் முதல் 30-ஆம் நாள் வரை. சூத்திரம் இங்கே பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது என்பதைத்தான் எண்ணில் சொல்கிறது.

ராமநகரத்து மணிமாலை

இந்தக் கணக்கை அரசாங்கமே களத்தில் சோதித்துப் பார்த்த இடம் இந்தியா. 1951-இல் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் அமெரிக்க மருத்துவர் ஆபிரகாம் ஸ்டோன் இங்கே வந்தார். அன்றைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் செயற்கைக் கருத்தடை முறைகளை ஏற்காதவர்; நாள் பார்க்கும் முறையை மட்டும் சோதிக்க இசைந்தார். டெல்லியின் லோதி காலனியிலும், அப்போதைய மைசூர் மாநிலத்தின் ராமநகரத்திலும் சோதனை நடந்தது. ஒரு ஊர் நகரம், மற்றது கிராமப்புறம்.

காலண்டர் படிக்கத் தெரியாதவர்களுக்காக மணிமாலை கொடுக்கப்பட்டது. நாளுக்கு ஒரு மணி நகர்த்த வேண்டும். பச்சை மணி பாதுகாப்பான நாள், சிவப்பு மணி அப்படியல்லாத நாள். மணியை நகர்த்த மறந்தார்கள், இருட்டில் நிறம் தெரியவில்லை, மாலையே காக்கும் என்று சிலர் நம்பினார்கள் என்றெல்லாம் பின்னாளில் எழுதினார்கள். இந்தக் கதைகள் சுவையானவை என்பதாலேயே அதிகம் பரவின. ஆனால் மாலையின் அடிப்படைச் சிக்கல் கோர்வையிலேயே இருந்தது என்பது என் கருத்து. எத்தனை மணி கோர்ப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். பிள்ளை பெற்றுப் பாலூட்டும் பெண்ணுக்கு, மாதவிலக்கு திரும்பும் முதல் சில மாதங்களில் 28 மணி போதுமா, 45 வேண்டுமா என்று கோர்ப்பவருக்கு எப்படித் தெரியும்?

ஐம்பதாண்டு கழித்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தினர் இதே மாலையை 32 மணிகளோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். இம்முறை ஒரு நிபந்தனை சேர்ந்தது: சுழற்சி 26 முதல் 32 நாளுக்குள் வருகிறவர்களுக்கு மட்டுமே இது. ஆண்டுக்கு ஒரு தடவைக்கு மேல் அந்த எல்லையைத் தாண்டினால் மாலையைக் கைவிட வேண்டும். ஒழுங்கற்ற சுழற்சி என்ற சிக்கலை இந்த முறை தீர்க்கவில்லை, வாசலிலேயே நிறுத்தியது. நேர்மையான ஏற்பாடுதான்.

செயலி என்ன செய்கிறது

எளிய செயலிகளில் பலவும் மூன்று முதல் ஆறு கடந்த சுழற்சிகளின் சராசரியை எடுத்து, கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு கூட்டுகின்றன. இரண்டு பெண்களை எடுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டுக்காகப் போட்ட எண்கள்தான்.

முதல் பெண்ணின் ஆறு சுழற்சிகள்: 28, 30, 29, 27, 30, 29. சராசரி 29 நாள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறில் எதுவும் அந்தச் சராசரியிலிருந்து இரண்டு நாளுக்கு மேல் விலகவில்லை.

இரண்டாம் பெண்ணுக்கு: 27, 41, 30, 36, 25, 33. சராசரி சரியாக 32. கடைசி மாதவிலக்கு மார்ச் 3-ஆம் தேதி தொடங்கியது என்றால் செயலி ஏப்ரல் 4 என்று சொல்லும். ஆனால் அந்த 32-க்கு இரண்டு நாள் இப்படி அப்படி வந்த சுழற்சிகள் ஆறில் இரண்டுதான். இவருடைய கடந்த கால அனுபவத்தை அப்படியே எடுத்தால், அடுத்தது மார்ச் 28-இலும் வரலாம், ஏப்ரல் 13-இலும் வரலாம். இரண்டு பெண்களின் திரையிலும் ஒரே அளவு எழுத்தில், ஒரே நிறத்தில், ஒரே ஒரு தேதி தெரிகிறது. அதன் பின்னால் இருக்கும் உறுதி ஒன்றல்ல.

கடைசி மூன்று சுழற்சிகளை மட்டும் பார்க்கும் செயலியாக இருந்தால் இன்னும் மோசம். ஐந்தாவது சுழற்சியைக் கணிக்கும்போது, அதற்கு முந்தைய 41, 30, 36 என்ற மூன்றின் சராசரி 36. வந்ததோ 25-ஆம் நாள். பதினொரு நாள் பிழை. நீண்ட சுழற்சிகளைப் பார்த்த செயலி இனியும் நீளும் என்று நம்பியிருக்கிறது. உடம்புக்கு அப்படியொரு போக்கு இல்லை.

அதிக மாதம் பதிவு செய்தால் சரியாகிவிடும் என்று பொதுவாகச் சொல்லப்படுவது பாதி உண்மை. பதிவு கூடக் கூடச் சராசரி நிலைபெறும். ஆனால் அடுத்த சுழற்சி சராசரியாக வரப்போவதில்லை. அது ஒரு தனிச் சுழற்சி. இரண்டாம் பெண்ணின் சுழற்சிகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, புள்ளியியல் கணக்கில், ஏறத்தாழ ஆறு நாள். ஆறு மாதப் பதிவைப் பத்தாண்டுப் பதிவாக்கினாலும் அந்த ஆறு நாள் குறையாது. முதல் பெண்ணுக்கு அது ஒரு நாளைச் சற்றே தாண்டும்.

மூன்று மாதம் தள்ளி வரும் விசேஷத்துக்குக் கணிக்கும்போது பிழை சேர்ந்துகொண்டே போகிறது. ஒவ்வொரு சுழற்சியும் மற்றதைச் சாராமல் மாறுவதாகக் கொண்டால், மூன்றாவது தேதியின் பிழை முதல் தேதியின் பிழையைப்போல் சுமார் 1.7 மடங்கு. முதல் பெண்ணுக்கு அது இரண்டு நாள், இரண்டாமவருக்குப் பத்து நாள்.

இது மாத்திரை விஷயத்தில் நேரடியாக உறைக்கும். கோயில் விசேஷத்துக்காகத் தேதியைத் தள்ளிப்போட மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் நாரெதிஸ்டிரோன் மாத்திரையை, எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்னதாகத் தொடங்கச் சொல்வார்கள். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மாதவிலக்கு வரும். முதல் பெண்ணுக்கு அந்த மூன்று நாள் இடைவெளி போதும். இரண்டாம் பெண் ஏப்ரல் 4-ஐ நம்பி ஏப்ரல் 1-இல் தொடங்கினால், அதற்குள் மார்ச் 28-லேயே வந்துவிட்டிருக்கலாம். மாத்திரை பலிக்கவில்லை என்று பிறகு சொல்வார்கள். தவறியது மாத்திரை அல்ல, தேதி. இப்படிப்பட்டவர் மருத்துவரிடம் செயலி காட்டும் தேதியை மட்டும் சொல்லாமல், ஆறு மாதத் தேதிகளையும் காட்டுவது நல்லது.

பிழை எந்தப் பாதியில் இருக்கிறது

சுழற்சி ஏன் அலைகிறது என்பதற்கு உடலியல் தரும் விடை ஓரளவு தெளிவானது. மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து முட்டை வெளியேறும் வரை ஒரு பாதி. அதிலிருந்து அடுத்த மாதவிலக்கு வரை மறுபாதி. முதல் பாதியில் ஒரு முட்டைப்பை வளர்ந்து முதிர வேண்டும். அது 10 நாளிலும் முதிரலாம், 25 நாளும் எடுக்கலாம். முட்டை வெளியேறியபின் எஞ்சும் மஞ்சள் திசு புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. கரு தங்காவிட்டால் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அது வாடிவிடுகிறது, மாதவிலக்கு வருகிறது. ஆகவே முன்னே பின்னே ஆவதன் பெரும்பகுதி முதல் பாதியில்தான்.

பின்பாதி 14 நாள் என்று உறுதியாகச் சொல்வதும் மிகைதான். 1984-இல் பிரிட்டனில் ஹார்மோன் அளவுகளை வைத்துச் செய்த ஆய்வில் சராசரி 14 நாளை ஒட்டி வந்தது. முன்பு சொன்ன 2019 ஆய்விலோ 12.4 நாள்தான். அளந்த விதம் வேறு என்பது வேறுபாட்டில் ஒரு பங்கை விளக்கலாம். 14-ஐக் கழித்து முட்டை நாளைச் சொல்லும் செயலிகள் தடுமாறுவதில் வியப்பில்லை. 2018-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், நாள்காட்டிக் கணக்கு அந்த நாளைச் சரியாகச் சொன்னது அதிகபட்சம் ஐந்தில் ஒரு பங்குதான்.

பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையில் முட்டைப்பைகள் பாதி வளர்ந்து நின்றுவிடுகின்றன. முதல் பாதி வாரக்கணக்கில் நீள்கிறது. தைராய்டு கோளாறு, திடீர் எடைக்குறைவு, பாலூட்டும் காலம், நாற்பதுகளின் நடுப்பகுதி ஆகியவற்றிலும் பாதிப்பு அதே பக்கம்தான். அரசு மருத்துவமனைகளில் போடப்படும் அந்தரா ஊசி முட்டை வெளியேறுவதையே தடுக்கிறது. அந்த மாதங்களில் வரும் உதிரத்தைச் செயலியில் குறித்து அடுத்த தேதியைக் கேட்பதில் பொருளில்லை.

உடம்பைப் பார்த்துச் சொல்வது

கடந்த தேதிகளை விட்டுவிட்டு, இந்த மாதம் உடம்பு என்ன சொல்கிறது என்று பார்ப்போர் இன்னொரு தரப்பு. முட்டை வெளியேறியபின் காலை உடல் வெப்பம் 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை ஏறுகிறது. முந்தைய ஆறு நாளைவிட மூன்று நாள் தொடர்ந்து கூடுதலாக இருந்தால், முட்டை வெளியேறிவிட்டது என்று கொள்ளலாம். இரண்டாம் பெண்ணுக்கு 27-ஆம் நாள் இப்படி ஏறினால், அடுத்த மாதவிலக்கு 39 முதல் 42-ஆம் நாளுக்குள் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். கடந்த ஆறு மாதக் கணக்கு தராத துல்லியத்தை அந்த ஒன்பது நாள் அளவீடு தருகிறது.

விலையும் உண்டு. படுக்கையிலிருந்து எழுமுன், தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். காய்ச்சல், இரவில் பலமுறை எழுப்பும் கைக்குழந்தை, ஒருநாள் விடியுமுன் காட்டு வேலைக்குக் கிளம்புவது எல்லாம் கோட்டைக் குலைத்துவிடும். தவிர, இந்த முறை அறிவிப்பது முட்டை வெளியேறிய பிறகுதான். இரண்டு வாரத்துக்கு முன்னால் சொல்லுமே தவிர, இரண்டு மாதத்துக்கு முன்னால் சொல்லாது. முட்டையே வெளியேறாத மாதத்தில் வெப்பம் ஏறுவதில்லை, ஆனால் உதிரம் வரக்கூடும். சிறுநீரில் எல்.எச். ஹார்மோனைப் பார்க்கும் பட்டைகள் ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே எச்சரிக்கும், ஆனால் பி.சி.ஓ.எஸ். உள்ள சிலருக்கு அந்த ஹார்மோன் எப்போதுமே கூடுதலாக இருப்பதால், பட்டை வீணாகக் கோடு காட்டலாம். அதிகம் தேவைப்படுகிறவருக்கே குறைவாக உதவுகிறது என்பதுதான் இதில் சங்கடம்.

மறந்த மாதம்

ஒழுங்கற்றதாகத் தெரிவதெல்லாம் உடம்பின் ஒழுங்கின்மை அல்ல. முதல் பெண் ஒரே ஒரு மாதவிலக்கைக் குறிக்க மறந்தார் என்று வையுங்கள். 29-உம் 27-உம் சேர்ந்து 56 ஆகிவிடும். செயலி பார்ப்பது 28, 30, 56, 30, 29. சராசரி 35-ஐ நெருங்குகிறது. அடுத்த தேதி ஆறு நாள் தள்ளிப்போகிறது. சராசரிக்குப் பதில் வரிசையின் நடு எண்ணை எடுத்தால் 30 என்று வரும். பிழை ஒரு நாளில் அடங்கிவிடும். எந்த முறையைச் செயலி பின்பற்றுகிறது என்பது பயன்படுத்துகிறவருக்குத் தெரிவதில்லை.

கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 2022-இல் வெளியிட்ட மாதிரி இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. நீண்ட இடைவெளி ஒன்றைக் கண்டால், அது உண்மையான நீண்ட சுழற்சியா, மறந்த பதிவா என்று இரண்டுக்கும் வாய்ப்பளவு போடுகிறது. நாள் கடக்கக் கடக்கக் கணிப்பையும் மாற்றுகிறது. 34-ஆம் நாளும் வரவில்லை என்றால், இரண்டாம் பெண்ணுக்கு ‘இரண்டு நாள் தாமதம்’ என்று சொல்வதைவிட, எதிர்பார்க்கும் நாளையே 36-ஐத் தாண்டித் தள்ளுவதுதான் முறை.

இன்னொரு பிழை பதிவின் முதல் நாளிலேயே புகுந்துவிடுகிறது. மருத்துவக் கணக்கில் முதல் நாள் என்பது உதிரம் தொடங்கிய நாள். நினைவில் நிற்பதோ பல வீடுகளில் தலைக்குக் குளித்த நாள். ஒரு மாதம் இதையும் மறுமாதம் அதையும் சொன்னால், சீரான சுழற்சியிலும் இரண்டு மூன்று நாள் ஆட்டம் தானே உண்டாகும்.

இன்னும் முடிவாகாதவை

சீரான சுழற்சி உள்ளவருக்குச் சில மாதப் பதிவே அடுத்த தேதியை ஓரிரு நாள் வித்தியாசத்தில் சொல்லிவிடும் என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எதைச் சீரானது என்று சொல்வது என்பதில்தான் நெகிழ்வு உண்டு. மகப்பேறு மருத்துவர்களின் சர்வதேசக் கூட்டமைப்பு 2018-இல் தந்த வரையறையில் 24 முதல் 38 நாள் வரை இயல்பு. 26 முதல் 41 வயது வரை, மிகக் குறுகியதற்கும் மிக நீண்டதற்கும் இடையே 7 நாள் வரை போகலாம், மற்ற வயதினருக்கு 9 வரை. இந்த எல்லைக்குள் இருப்பவருக்கும் ஒற்றைத் தேதி என்பது கொஞ்சம் அதிகப்படியான உறுதிதான். ‘ஏப்ரல் 2 முதல் 6 வரை’ என்று திரை காட்டினால் என்ன? காட்டலாம், ஆனால் இரண்டாம் பெண்ணுக்குப் பதினேழு நாள் பட்டையைக் காட்டும் செயலியை அவர் வைத்திருப்பாரா என்பது கணக்கால் தீர்கிற கேள்வி அல்ல.

பிரசவத் தேதிக் கணக்கில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே உண்டு. கடைசி மாதவிலக்கோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டும் விதி 28 நாள் சுழற்சியை எடுத்துக்கொள்கிறது; 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது ஒரு வாரம் முந்திவிடும். அதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கருவின் நீளத்தை அளந்து தேதியைத் திருத்துகிறார்கள். மாதவிலக்குக்கு அப்படி எளிதாக, தினமும், வீட்டிலேயே பார்க்கக்கூடிய அளவுகோல் இன்னும் இல்லை. விரலிலும் மணிக்கட்டிலும் அணிந்து இரவெல்லாம் வெப்பத்தை அளக்கும் கருவிகள் அந்த இடத்தை நோக்கி நகர்கின்றன. அவையும் முட்டை வெளியேறிய பின்னரே உறுதியாகப் பேசும் என்ற எல்லை அப்படியே இருக்கிறது.

இதுவரையிலான பெரிய தரவுகள் செயலியில் விடாமல் பதிவு செய்யும் பெண்களிடமிருந்து வந்தவை. அவர்களில் பெரும்பாலோர் மேலை நாட்டினர். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களும் நீண்ட இடைவெளி உள்ளவர்களும் பல ஆய்வுகளில் விலக்கப்பட்டார்கள். வேலூர்க் கணக்கைப் போலக் கிராமப்புறப் பெண்களை மாதாமாதம் தொடர்ந்து பார்த்து, பாலூட்டும் காலத்தையும் நீர்க்கட்டியுள்ளவர்களையும் விலக்காமல் எடுத்த தரவு இருந்தால்தான், பெரம்பலூரில் 41 நாள் சுழற்சி எத்தனை பேருக்கு எப்போதாவது வந்துபோவது, எத்தனை பேருக்கு மருத்துவம் தேவைப்படும் அறிகுறி என்பதைப் பிரித்துச் சொல்ல முடியும்.